இடப்பக்கத்தில் ஒன்று

கணினி மறுபடியும் சிவப்பாகக் காட்டியது.

றெஜினா தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் தாளைப் பார்த்தாள். ஒன்றையும் பூச்சியத்தையும் மட்டும் வைத்து எழுதும் துவித எண் 1101-இன் தசமப் பெறுமானம் என்ன என்று கேட்டிருந்தார்கள். கீழே நான்கு விடைகள் இருந்தன: 7, 11, 13, 14. அவள் கூட்டியபோது பதினொன்று வந்தது. பதினொன்று அங்கே இருந்தது. அழுத்தினாள். பிழையாம். ஏன் பிழை என்று சொல்ல அந்தக் கணினிக்கு வாயில்லை. சிவப்புக் காட்ட மட்டும் தெரியும்.

"பிழையெண்டால் அதை ஏன் அங்க கொண்டுவந்து வைச்சிருக்கிறியள்?" என்று திரையைக் கேட்டாள்.

அடுத்த கேள்வி 1001. ஒன்பது என்று அழுத்தினாள். பச்சை. அதற்கடுத்தது 110. மூன்று. சிவப்பு. பிறகு 11011. இருபத்தேழு. பச்சை. ஒரே ஆள், ஒரே பேனை, ஒரே கணக்கு. ஒருமுறை சரி, ஒருமுறை பிழை. ஒரேயடியாகப் பிழைத்துத் தொலைத்தாலும் எனக்கு இது தெரியாது என்று மூடி வைத்துவிடலாம். இடைக்கிடை சரிவருவதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

முடிவில் இருபதுக்குப் பதின்மூன்று என்று காட்டியது. வேண்டியது பதினான்கு.

டென்மார்க்கில், பிராண்டே நகருக்கு வெளியே, காற்றாலைகளுக்கான மின்பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. அவள் நிற்கும் மூன்றாம் வரிசையை இலையுதிர் காலத்தோடு போலந்துக்கு மாற்றப் போகிறார்கள். வரிசையில் இருந்த ஒன்பது பேருக்கும் நிர்வாகம் ஒரு வழி சொன்னது. தானியங்கி இயந்திரங்களைப் பராமரிக்கும் தொழிலைச் சம்பளத்தோடு படிக்கலாம், படித்தபின் இங்கேயே வேலை. ஆனால் அதற்கு முதல் தொழிற்கல்லூரியில் ஒரு நுண்ணறிவுத் தேர்வு. இருபது கேள்வி, அரை மணித்தியாலம். பதினான்கு எடுத்தவர்களுக்கு இடம் நிச்சயம். எடுக்காதவர்களுக்கு ஒக்டோபரில் ஒரு கேக்கும் கைகுலுக்கலும்.

றெஜினாவுக்கு வயது நாற்பத்தேழு. கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆளில்லை. மகள் ஷாமிலா ஓல்போர்க்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கணவன் நிர்மலன், இதே தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன், இரண்டு வருடத்துக்கு முந்திய மார்ச்சில் வேலை முடிந்து காரடிக்குப் போய், கதவைத் திறந்த கையோடு விழுந்தவன் பிறகு எழும்பவில்லை.

இருபது கேள்வியில் ஆறு, எண் அடிகள் பற்றியவை. மற்றப் பதினாலில் ஒன்பது எப்படியும் சரிவரும். எந்தப் பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும், அடுத்து வரும் உருவம் எது என்பதில் அவளுக்குப் பெரிய பயமில்லை, நேரம் போதாமல்தான் சிலது தவறும். இந்த ஆறுக்குள்தான் கழுத்து நெரிபட்டது. அதிலும் வேடிக்கை, ஆறு கேள்விக்குள் துவிதமல்லாத இரண்டும் அவளுக்குச் சரியாக வந்தன. அடி ஐந்தில் 34 என்றால் மூன்று ஐந்தும் ஒரு நாலும், பத்தொன்பது. பச்சை. துவிதத்துக்கு வந்தால் சிவப்பு. இத்தனைக்கும் துவிதம்தான் அவளுக்குப் பழக்கமானது.

அது நிர்மலன் காட்டித் தந்தது. வரிசையில் சாமான்களைச் சுமந்து ஓடும் பட்டிகளின் மோட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் நகக்கண் அளவில் நான்கு வெள்ளைச் சுவிட்சுகள். அவற்றை மேலும் கீழும் தள்ளித்தான் பெட்டிக்கு இலக்கம் கொடுக்க வேண்டும். நிர்மலனின் விரல்கள் வாழைப்பழம் மாதிரி. ஒன்றைத் தள்ளப் போனால் இரண்டு நகரும். "றெஜி, உந்தக் குருவிச் சொண்டு விரலால ஒருக்கா வந்து தள்ளு" என்று கூப்பிடுவான். அவள் தன் இடத்தை விட்டு வந்து தள்ளுவாள். இடப்பக்கத்தில் ஒன்று, பிறகு இரண்டு, நாலு, எட்டு. மேலே தள்ளியதையெல்லாம் கூட்டினால் இலக்கம். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் வெள்ளை ஒட்டுநாடாவில் 1 2 4 8 என்று எழுதி ஒட்டியும் வைத்திருந்தான்.

அன்று பின்னேரம் ஷாமிலாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, ஒண்டு, ரெண்டு, நாலு, எட்டு. எங்க ஒண்டு இருக்கோ அங்க இருக்கிறதைக் கூட்டுங்கோ. அவ்வளவுதான்."

"அதைத்தானே செய்யிறன்."

"செய்தால் சரிவருமே."

"வருகுதில்ல எண்டுதானே பிள்ளை உனக்கு எடுத்தனான்."

"அப்ப கூட்டலில பிழை விடுறீங்கள்."

"ஒண்டும் ரெண்டும் எட்டும் பதினொண்டு. அதில என்ன பிழை விடுறது? நான் என்ன முதலாம் வகுப்போ?"

மறுமுனையில் பெருமூச்சு. "அல்ட்ஸோ, மோர்!" கோபம் வந்தால் ஷாமிலா டெனிஷுக்குப் போய்விடுவாள். தொடர்ந்து வேகமாக ஏதோ சொன்னாள். அதில் 'மிக எளிது' என்ற சொல் மூன்று தடவை வந்தது. எளிது என்று யாராவது சொல்லச் சொல்ல றெஜினாவுக்கு அது கடினமாகிக்கொண்டே போனது.

அவள் சும்மா விடவில்லை. 13-ஐத் துவிதத்துக்கு மாற்றினாள். இரண்டால் வகுத்தால் ஆறு, மீதி ஒன்று. ஆறை வகுத்தால் மூன்று, மீதி பூச்சியம். மூன்றை வகுத்தால் ஒன்று, மீதி ஒன்று. கடைசி ஒன்றை வகுத்தால் பூச்சியம், மீதி ஒன்று. வந்த வரிசையில் எழுதினாள்: 1011. சரிதானா என்று திருப்பிக் கூட்டினாள். ஒன்று, நாலு, எட்டு, பதின்மூன்று. போனதும் வந்ததும் ஒத்துப் போகிறது, இதற்கு மேல் ஒரு கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? நம்பிக்கையோடு அழுத்தினாள்.

சிவப்பு.

மடிக்கணினியை மூடிய வேகத்தில் பக்கத்திலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பை குலுங்கியது.

அடுத்த நாள் மதியம் சாப்பாட்டு அறையில் கோணேசன் தானாக வந்து முன்னால் குந்தினார். ஐம்பத்திரண்டு வயது, திருகோணமலை, அதே வரிசையில் பத்து வருடம். தேர்வுக்கு அவரும் போகிறார். வீட்டிலே பயிற்சித் தேர்வு செய்து பதினெட்டு எடுத்தாராம். அதைக் காலையில் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

"தங்கச்சி, இஞ்ச பார். இது சும்மா பிஸ்கோத்து வேலை." கறுத்த பாணில் கடித்த கடி வாய்க்குள் இருக்க, துடைக்கும் கடதாசியில் 13 என்று எழுதிக் கிறுக்கினார். "ரெண்டால பிரி. மீதியை எடு. பிரி. மீதியை எடு. மீதியளை எழுதிவிட்டியெண்டால் விடை."

"எழுதினனான்."

"எழுதினால் சரி."

"பிழையெண்டு வருகுது அண்ணை."

"அப்ப மெசின் பழுதாயிருக்கும்." மற்ற மேசையைப் பார்த்துக் கண்ணடித்தார். "இல்லாட்டி ஆள் பழுது."

"உங்கட கையெழுத்தைப் பாத்தால் ஆர் பழுதெண்டு விளங்குது."

"கோவியாதை. நான் ஒரு வழி சொல்லுறன். பூச்சியத்திலயிருந்து பதினைஞ்சு வரைக்கும் பாடமாக்கு. வாய்ப்பாடு மாதிரி."

"பதினாறு வந்தால்?"

"கடவுளைக் கும்பிடு."

அந்தக் கடதாசியை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். மீதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் 1101 என்று போட்டிருந்தார். 1, 0, 1, 1 என்றல்லவா வந்தது? கையெழுத்து மாத்திரமல்ல, ஆளுக்குப் பார்த்து எழுதவும் தெரியாது என்று நினைத்து, கடதாசியைக் குப்பைக்குள் போட்டாள்.

தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது பதின்மூன்றாம் பெட்டி எரிந்தது.

சின்ன மணம், சின்னப் புகை, பட்டி நின்றது. பராமரிப்புக்கு வந்தவள் கமிலா. முப்பத்தைந்து வயதிருக்கும், முந்தி ஏதோ அலுவலகத்தில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தவள், உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்து இரண்டு மாதம்தான். நிர்மலனுடைய பழைய கருவிப்பை இப்போது அவளிடம் இருந்தது. றெஜினா அதைப் பார்க்காத மாதிரி நின்றாள்.

எரிந்த பெட்டியைக் கமிலா கழற்றினாள். மூடியும் கருகியிருந்தது. அதன் உட்பக்கத்தில் ஒட்டுநாடா இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு சுருளல் மட்டும். புதுப் பெட்டியைப் பூட்டி, சுவிட்சுகளைத் தள்ளி, மின்சாரத்தைக் கொடுத்தாள். ஒரு பட்டியோடு போயிருந்த கரைச்சல் இப்போது வரிசை முழுவதற்கும் வந்தது. பதினோராம் பெட்டியைக் கூப்பிட்டால் இரண்டு பெட்டிகள் ஒன்றாகப் பதில் சொல்கின்றன என்று கட்டுப்பாட்டுத் திரை எழுதியது. பதின்மூன்றைக் காணவில்லை.

கமிலா பெட்டியை நிறுத்தினாள், போட்டாள், திரும்ப நிறுத்தினாள். கெட்ட சொல் ஒன்று சொன்னாள். கையேட்டைத் தொலைபேசியில் தேடினாள். வரிசையில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கோணேசன் மட்டும் கோப்பி எடுக்கப் போனார்.

றெஜினா எட்டிப் பார்த்தாள். நான்கு சுவிட்சு: மேல், மேல், கீழ், மேல்.

"அது பதினொன்று," என்றாள் டெனிஷில். "பதின்மூன்று இல்லை."

"1101 பதின்மூன்றுதான்," என்றாள் கமிலா, திரும்பிப் பாராமல். பத்து வருடம் நிரல் எழுதியவளின் குரல்.

"1101 பதினொன்று. பதின்மூன்று என்றால் 1011."

"இல்லை."

"தள்ளிப் பார்க்கட்டா?"

கமிலா ஒதுங்கினாள். றெஜினா குருவிச் சொண்டு விரலால் இரண்டாவதைக் கீழே தள்ளி, மூன்றாவதை மேலே தள்ளினாள். மேல், கீழ், மேல், மேல். மின்சாரம் கொடுத்தார்கள். பதின்மூன்று வந்து நின்றது. வரிசை ஓடியது.

ஆனால் கமிலா வேறெங்கும் போகவில்லை. பெட்டிக்கு முன்னால் குனிந்தபடியே நின்றாள். பிறகு விரலால் சுவிட்சுகளுக்குக் கீழே அச்சடித்திருந்த சின்ன இலக்கங்களைத் தொட்டாள். இடமிருந்து 1, 2, 3, 4.

"முதலாம் சுவிட்சின் பெறுமானம்தான் சிறியது," என்றாள் மெதுவாக. "அது இடப்பக்கத்தில் இருக்கிறது. நான் தாளில் எழுதுவதுபோலத் தள்ளினேன். தாளில் சிறியது வலப்பக்கத்தில்."

"என்ன?"

"தாளில். நூற்றிருபத்தைந்து என்று எழுதினால் ஒன்றாம் இடம் எங்கே? கடைசியில். வலப்பக்கத்தில். துவிதமும் அப்படித்தான் எழுதுவது."

றெஜினாவுக்குத் தலைக்குள் ஏதோ சடக்கென்று தள்ளுப்பட்டது. 1001. 11011. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்றாக இருப்பவை. அவை மட்டுமே பச்சை. 1101-ம் 110-ம் சிவப்பு. கோணேசன் மீதிகளைக் கீழேயிருந்து மேலே வாசித்து விடை எழுதியிருந்தார். வாய்க்குள் பாண் இருந்ததால் அதைச் சொல்லவில்லை. ஷாமிலா ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்றாள். எந்தக் கரையிலிருந்து என்று சொல்லவில்லை. தானும் கேட்கவில்லை. மூன்று கிழமை! மூன்று கிழமையாக இத்தனை படித்த சனம் எளிது எளிது என்று சொன்னதேயொழிய, எங்கே தொடங்குகிறாய் என்று ஒருவர் கேட்டாரில்லை.

"கண்டறியாத எளிது," என்றாள் தமிழில்.

"மன்னிக்கவும்?" என்றாள் கமிலா.

"ஒன்றுமில்லை."

தெரிந்துகொண்டதால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. வீட்டில் எழுத உட்கார்ந்தால் கை இடப்பக்கத்திலேயே தொடங்கியது. மனத்துக்குள் ஒரு குரல் 'ஒண்டு, ரெண்டு, நாலு' என்று இடமிருந்து சொல்லிக்கொண்டே போனது. அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியும். வலமிருந்து தொடங்கு என்று அதற்குச் சொன்னால், அது பேசாமல் நின்றுவிடும். அது நின்றால் அவளுக்குக் கணக்கே ஓடவில்லை. இரண்டு நாள் அப்படி மல்லுக்கட்டினாள். அரைவாசி சரி, அரைவாசி பிழை. வலமா இடமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பதிலேயே நேரம் போனது.

மூன்றாம் நாள், எரிச்சலில் தாளைத் தள்ளிவிட்டு எழும்பினாள். தண்ணீர் குடித்துவிட்டு மேசையின் மற்றப் பக்கத்தால் வந்தபோது தாள் தலைகீழாகக் கிடந்தது. அவள் எழுதிய 1011 அங்கேயிருந்து 1101 ஆகத் தெரிந்தது. ஒன்றைத் தலைகீழாகப் பார்த்தாலும் ஒன்று. பூச்சியம் எப்படிப் பார்த்தாலும் பூச்சியம்.

கோப்பையை வைத்துவிட்டு, தாளை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள்.

தேர்வன்று தொழிற்கல்லூரியில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆளுக்கொரு கணினி, ஒரு வெற்றுத்தாள், ஒரு பென்சில். கம்பளிச் சட்டை போட்ட கண்காணிப்பாளர் ஒருவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கோணேசன் முன் வரிசையிலிருந்து திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பல்சக்கரமும் உருவங்களும் முதலில் வந்தன. ஒன்பதாவது கேள்வியில் 11010 வந்தது. தசமத்தில் எவ்வளவு?

அவள் அதை அப்படியே தாளில் எழுதினாள். ஒன்றுகளை வெறும் கோடுகளாக. பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். இப்போது 01011. இடமிருந்து, நிர்மலனின் வழியில்: ஒன்று இல்லை, இரண்டு உண்டு, நாலு இல்லை, எட்டு உண்டு, பதினாறு உண்டு. இருபத்தாறு. விடைகளுக்குள் பதினொன்றும் இருந்தது. அதைப் பார்த்து, உன்னை எனக்குத் தெரியும் என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு இருபத்தாறை அழுத்தினாள்.

அடுத்தது, 19-ஐத் துவிதத்தில் எழுதுக. வகுத்தாள். மீதிகளை வந்த வரிசையிலேயே எழுதினாள்: 1, 1, 0, 0, 1. தாளைத் திருப்பப் போகும்போது பக்கத்தில் கம்பளிச் சட்டை வந்து நின்றது. தாள் ஏற்கெனவே முந்திய கணக்குக்குத் திரும்பியபடி கிடந்ததால், அதில் எழுதியிருந்தவை சில நேராகவும் சில தலைகீழாகவும் இருந்தன. அவர் அன்போடு குனிந்து, தாளை அவளுக்காகத் திருப்பி, நேராக்கி வைத்தார்.

எது இப்போது நேர், எது தலைகீழ் என்று அவளுக்கு ஒரு கணம் குழம்பிவிட்டது. 11001-ஆ, 10011-ஆ? இரண்டும் விடைகளில் இருந்தன. திரையின் மூலையில் இன்னும் பதினான்கு நிமிடம் என்று காட்டியது.

"இப்படி வசதியாக இருக்கும்," என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"நன்றி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் இரண்டு அடி நகர்ந்ததும் தாளை மடித்து, வெறும் பக்கத்தில் 19-ஐ முதலிலிருந்து வகுத்தாள். மீதி ஒன்று, ஒன்று, பூச்சியம், பூச்சியம், ஒன்று. இந்தத் தடவை எழுதத் தொடங்கிய கரையில் ஒரு புள்ளி வைத்தாள். திருப்பினாள். புள்ளி வலப்பக்கத்துக்குப் போனது. 10011. அழுத்தினாள்.

அதற்குப் பிறகு கம்பளிச் சட்டை ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் வரும்போதும் முழங்கையால் தாளை மூடிக்கொண்டாள். களவு செய்கிறாள் என்று அந்த மனிசன் நினைத்திருக்கலாம். நினைக்கட்டும்.

முடிந்தவுடனேயே திரை சொன்னது: பதினைந்து. எண் அடிகள், ஆறுக்கு ஆறு.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் கோணேசன் காத்திருந்தார். "எவ்வளவு?"

"பதினைஞ்சு. உங்களுக்கு?"

அவர் காரின் கண்ணாடியில் ஏதோ தூசியைத் தட்டினார். "பதினாலு. அந்தப் பல்சக்கரங்கள் சரியான கரைச்சல்."

"மெசின் பழுதாயிருக்கும் அண்ணை."

அவர் சிரித்துவிட்டார். "போதும், போதும். ரெண்டு பேருக்கும் கேக் இல்லை. அதுதான் கணக்கு."

காருக்குள் இருந்தபடி ஷாமிலாவுக்கு எடுத்தாள். மகள் முதலில் கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லச் சொன்னாள். சுவிட்சையும் தாளையும் பற்றிக் கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"அப்ப அப்பா பிழையாவோ சொல்லித் தந்தவர்?"

"இல்லை. அப்பா சுவிட்சுக்குச் சரியாத்தான் சொன்னவர். கடதாசியைப் பற்றி ஒருநாளும் கதை வரேல்ல."

"நான் அதைக் கேட்டிருக்கவேணும் அம்மா. எங்கயிருந்து தொடங்குறீங்கள் எண்டு."

"ஓம், கேட்டிருக்கவேணும்," என்றாள் றெஜினா. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "வாற கிழமை வீட்ட வா. மீன் எடுத்து வைக்கிறன்."

திங்கட்கிழமை கமிலா ஒட்டுநாடாவும் கறுப்புப் பேனையும் கொண்டுவந்தாள். புதுப் பெட்டியின் மூடிக்கு, எரிந்துபோனதைப் போலவே ஒன்று எழுதி ஒட்டித் தர முடியுமா என்று கேட்டாள். மற்றப் பெட்டிகளில் எல்லாம் நிர்மலனின் எழுத்து இருந்தது. நாலின் வால் கொஞ்சம் நீளம்.

றெஜினா 1 2 4 8 என்று எழுதினாள். மூடியின் உட்பக்கத்தில் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு நின்று யோசித்து, இன்னொரு துண்டு கிழித்து அதில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டு, ஒன்றுக்கு இடப்பக்கத்தில் ஒட்டினாள்.

"இது எதற்கு?" என்றாள் கமிலா.

"எங்கே தொடங்குவதென்று," என்றாள் றெஜினா. "ஒருவரும் சொல்ல மாட்டார்கள்."